அரைப் பைசா எந்தப் பக்கம் சாய்கிறது?

33 ரூபாய்க்கு 5 சதவீத வரி எவ்வளவு? ஒரு ரூபாய் 65 பைசா. இதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. இப்படி ஒரே தொகையாக வருவதில்லை. மத்திய அரசுக்கு 2.5 சதவீதம், மாநில அரசுக்கு 2.5 சதவீதம் என இரண்டாகப் பிரித்து, பில்லில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். 33 ரூபாய்க்கு 2.5 சதவீதம் என்றால் 82 பைசா, அதற்கு மேல் ஓர் அரைப் பைசா. அந்த அரைப் பைசாவை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. 83 ஆக ஏற்றலாம், அல்லது 82 ஆக இறக்கலாம். ஏற்றினால் மொத்த வரி 1.66, இறக்கினால் 1.64. நாம் முதலில் சொன்ன 1.65 இரண்டிலும் வரவில்லை.

இது எப்போதாவது வரும் சிக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. முழு ரூபாயில் விலை வைத்து 2.5 சதவீதம் கணக்கிட்டால், ஒற்றைப்படை விலை ஒவ்வொன்றிலும் சரியாக அரைப் பைசா மிஞ்சும். 31, 33, 35, 107, 249 என எதை எடுத்தாலும் இதே கதைதான். ஒரு கடையின் விலைப்பட்டியலில் பாதி ஒற்றைப்படை என்றால், பாதிச் சரக்குக்கு இந்த முடிவை எடுத்தாக வேண்டும். அந்த முடிவை இன்று எடுப்பது கல்லாவில் இருப்பவர் அல்ல. எங்கோ ஓர் அலுவலகத்தில் மென்பொருள் எழுதுபவர் ஒருவர் எடுக்கிறார். அவர் எழுதியதைச் சக ஊழியர் ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தருகிறார். இந்தக் கட்டுரை அந்த இரண்டாமவரின் வேலையைப் பற்றியது.

மென்பொருள் நிறுவனங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலை ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது. மாற்றத்தைத் தனியாக எழுதி, எது போய் எது வந்தது என்று தெரியும்படி மற்றவர் முன் வைக்க வேண்டும். அதற்குத்தான் புல் ரெக்வெஸ்ட் என்று பெயர். வேறொருவர் அதை ரிவ்யூ செய்து சரி என்ற பிறகே அது உள்ளே போகும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். மளிகைக் கடைகளுக்கு மசாலாப் பொட்டலங்களை மொத்த விலையில் அனுப்பும் ஒரு செயலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய விலை தனி, வரி தனி. ஒரு கடைக்காரர் மிளகுத்தூள், மல்லித்தூள், சீரகத்தூள் மூன்றிலும் ஒவ்வொரு பொட்டலம் கேட்கிறார். ஒவ்வொன்றும் 33 ரூபாய், கூட்டினால் 99. பழைய நிரல் வரியை இப்படிக் கணக்கிட்டது:

```python
tax = round(subtotal * 0.05, 2)
```

99-க்கு 5 சதவீதம் 4.95. கடைக்காரர் கட்டியது 103.95. இப்போது ஒரு பொறியாளர் அதை மாற்றி அனுப்புகிறார்:

```python
PAISA = Decimal("0.01")

def line_tax(price):
    half = (price * Decimal("0.025")).quantize(PAISA)
    return half * 2
```

மாற்றத்தின் மேலே அவர் எழுதியிருக்கும் விளக்கம் ஒரே வாக்கியம்: பணக் கணக்கில் `float` வேண்டாம், `Decimal` பயன்படுத்தியிருக்கிறேன். கேட்க நியாயமாக இருக்கிறது. அவர் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் கவனமான ரிவ்யூவர் முதலில் செய்ய வேண்டியது, விளக்கம் சொல்வதும் நிரல் செய்வதும் ஒன்றுதானா என்று பார்ப்பது. இங்கே ஒன்றல்ல. விளக்கம் ஒரு மாற்றத்தைச் சொல்கிறது, நிரலில் மூன்று மாற்றங்கள் இருக்கின்றன.

முதல் மாற்றம் அவர் சொன்னதுதான். கணினி பின்னங்களைப் பொதுவாக இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது. நம்முடைய 0.025, 2.675 போன்ற எண்கள் அந்த முறையில் அச்சு அசலாக அடங்காது. மிக நெருங்கிய வேறோர் எண்தான் உள்ளே இருக்கும். வித்தியாசம் கோடியில் ஒரு பங்கைவிடவும் மிகமிகச் சிறியது. சாதாரண நேரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. சரியாக அரைப் பைசாவில் வந்து நிற்கும்போது மட்டும் அந்தத் துளி வித்தியாசமே முடிவைத் தீர்மானிக்கும். 107 ரூபாய்க்கு 2.5 சதவீதம் என்பதைப் பைத்தான் மொழியில் இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள்:

```python
>>> round(107 * 2.5 / 100, 2)
2.67
>>> round(107 * 0.025, 2)
2.68
```

கணிதத்தில் இரண்டும் ஒன்று, இரண்டும் 2.675. ஆனால் முதலாவதில் கணினிக்குள் நிற்கும் எண் அதைவிட ஒரு துளி குறைவு, இரண்டாவதில் ஒரு துளி அதிகம். ஆகவே ஒன்று கீழே போகிறது, மற்றொன்று மேலே போகிறது. நிரலை எழுதியவர் பெருக்கலை எந்த வரிசையில் எழுதினார் என்பதைப் பொறுத்து வரி மாறுகிறது. இதற்கு எந்தக் கணக்காளரும் காரணம் சொல்ல முடியாது. `Decimal` வகை எண்களை நாம் எழுதுகிறபடியே பத்தின் அடுக்குகளாக வைத்துக்கொள்வதால் இந்தத் தொல்லை தீர்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். `Decimal("0.025")` என்று மேற்கோள் குறிக்குள் எழுதினால்தான் சரி. குறி இல்லாமல் `Decimal(0.025)` என்று எழுதினால் பழைய பிழையைத் தூக்கிக்கொண்டே புதிய எண் பிறக்கும். நம் பொறியாளர் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்.

இரண்டாவது மாற்றத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பழைய நிரல் முழு பில்லையும் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே முறை ரவுண்ட் ஆஃப் செய்தது. புதியது ஒவ்வொரு உருப்படிக்கும், அதிலும் மத்திய வரிக்கும் மாநில வரிக்கும் தனித்தனியாகச் செய்கிறது. அதாவது ரவுண்ட் ஆஃப் நடக்கும் இடம் மாறிவிட்டது. மூன்று பொட்டலங்கள் உள்ள பில்லில் முன்பு ஒரு முறை நடந்தது, இப்போது ஆறு இடங்களில் தேவைப்படுகிறது. முப்பது உருப்படிகள் உள்ள பில்லில் அறுபது இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் அரைப் பைசா ஏறவோ இறங்கவோ செய்யலாம்.

மூன்றாவது மாற்றம் நிரலில் எழுதப்படவே இல்லை, எழுதாமல் விட்டதால் வந்தது. `quantize` என்ற கட்டளைக்கு அரை வந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லலாம். சொல்லாவிட்டால் பைத்தான் தன் இயல்பான வழக்கத்தைப் பின்பற்றும். அரை வந்தால் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போவதே அந்த வழக்கம். 82.5 என்றால் 82, 87.5 என்றால் 88. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்து, பெருந்தொகையில் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்பது அதன் நியாயம். புள்ளிவிவரக் கணக்குக்கு அது நல்ல முறை. வரிக்கு அது பொருந்துமா என்பது வேறு கேள்வி. நாம் பள்ளியில் படித்ததும் கடைகளில் வழங்குவதும், அரை வந்தால் மேலே ஏற்று என்பதுதான். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-வது பிரிவு, செலுத்த வேண்டிய வரியை முழு ரூபாய்க்குக் கொண்டுவரும்போது 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்ற வேண்டும், குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்கிறது. பில்லின் ஒவ்வோர் உருப்படியிலும் பைசாவை எப்படி வெட்டுவது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆனால் அரை வந்தால் எந்தப் பக்கம் போவது என்பதில் சட்டத்தின் மனப்போக்கு அதில் தெளிவாகத் தெரிகிறது.

இப்போது நம் கடைக்காரரின் பில்லுக்கு வருவோம். பழைய நிரலில் வரி 4.95. புதிய நிரலில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 82 பைசா வீதம் இரண்டு முறை, மொத்தம் 4.92. மேலே ஏற்று என்று கட்டளையில் எழுதியிருந்தால் 4.98 வந்திருக்கும். கடைசிக் கூட்டுத்தொகையில் மட்டும் பாதியாகப் பிரித்து ஏற்றியிருந்தால் 2.48 வீதம் 4.96. ஒரே மூன்று பொட்டலங்கள், ஒரே வரி விகிதம், நான்கு விடைகள். நான்கில் எதையும் நிரலைப் படித்து மட்டும் தவறு என்று சொல்லிவிட முடியாது. இது வணிகமும் சட்டமும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. ரிவ்யூவர் அந்த முடிவைத் தானே எடுக்கக் கூடாது. நிறுவனத்தின் கணக்காளர் எழுதித் தந்த விதி எங்கே என்று கேட்க வேண்டும். அப்படி ஒன்று இல்லையென்றால், இல்லை என்பதே அந்த ரிவ்யூவில் அவர் எழுத வேண்டிய முதல் குறிப்பு.

மூன்று பைசாவுக்கு இவ்வளவா என்று சிலர் கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரையை எப்போதும் மேலே ஏற்றும் முறையில், ஒற்றைப்படை விலையுள்ள ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு பைசா அதிகமாக வசூலாகும். பத்து லட்சம் உருப்படிகள் விற்றால் பத்தாயிரம் ரூபாய். அது வரி என்ற பெயரில் வாங்கிய பணம், அரசுக்குச் சேர வேண்டியது. ஆனால் நிறுவனத்தின் இன்னொரு மென்பொருள் வரிக் கணக்கைப் பழைய முறைப்படி மொத்தத்தில் கூட்டினால், பில்கள் ஒரு தொகையும் வரித் தாக்கல் வேறொரு தொகையும் காட்டும். அந்த வேறுபாட்டுக்கு மாதக் கடைசியில் யாரோ ஒருவர் காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

ஒரே திசையில் சாயும் சிறு பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கனடாவில் ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1000 புள்ளிகளோடு ஒரு குறியீட்டைத் தொடங்கியது. பங்கு கைமாறும் ஒவ்வொரு முறையும் குறியீடு திரும்பக் கணக்கிடப்பட்டது. மூன்று தசம இடங்களுக்கு மேல் உள்ளதை ரவுண்ட் ஆஃப் செய்யாமல் அப்படியே வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு வெட்டும் புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அது ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை நடந்தது, எப்போதும் கீழ்நோக்கியே நடந்தது. 1983 நவம்பரில் குறியீடு சுமார் 524-இல் நின்றது. சரியாகக் கணக்கிட்டபோது அது 1098-ஐத் தாண்டியிருந்தது.

சரி, நிரலில் மூன்று மாற்றங்கள் இருப்பதை ரிவ்யூவர் கண்டுகொண்டார். அடுத்து எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால், சோதனைகளைத்தான் சொல்வேன். நிரலோடு சேர்த்து, இன்ன விலைக்கு இன்ன வரி வர வேண்டும் என்று முன்பே எழுதிவைத்த சோதனைகள் இருக்கும். புதிய நிரல் வந்ததும் அவற்றில் சில தோற்றிருக்கும். அப்போது பொறியாளர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். 4.95 என்று இருந்த எதிர்பார்ப்பை 4.92 என்று திருத்திச் சோதனையைத் தேறவைத்திருந்தால், அந்தத் திருத்தம்தான் இந்தப் புல் ரெக்வெஸ்டின் உண்மையான உள்ளடக்கம். வாடிக்கையாளர் கட்டும் தொகை மாறுகிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. அப்படித் திருத்திய ஒவ்வோர் எண்ணுக்கும் தனியாகக் காரணம் கேட்க வேண்டும்.

ஒரு சோதனைகூடத் தோற்கவில்லை என்றாலும் நிம்மதி அடைய முடியாது. பெரும்பாலும் சோதனைக்கு எடுக்கும் விலைகள் 100, 200, 500 என்று இருக்கும். அவற்றில் அரைப் பைசா எழவே எழாது, எந்த முறையும் அதே விடையைத் தரும். 33, 35, 107 போன்ற விலைகள், ஒரே பில்லில் பல உருப்படிகள், ஓர் உருப்படியில் மூன்று எண்ணிக்கை ஆகியவை சோதனையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்னொரு மறைப்பும் உண்டு. இந்தியாவில் 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. ரொக்கம் வாங்கும் பில்களில் மொத்தத்தை முழு ரூபாய்க்குக் கொண்டுவந்து, அந்த வித்தியாசத்தைத் தனியே ரவுண்ட் ஆஃப் என்று காட்டுகிறார்கள். 103.92, 103.95, 103.98 மூன்றும் அங்கே 104 ஆகிவிடும். ரொக்க ஆர்டர் ஒன்றைப் போட்டுப் பார்த்து, 104 வந்தது, சரி என்று சொன்னவர் வரியை உண்மையில் சோதிக்கவில்லை. கடைசித் தொகை ஒன்றாக இருந்தும், உள்ளே இருக்கும் வரி வேறாக இருக்கலாம்.

இதுவரை பார்த்ததெல்லாம் புதிய ஆர்டர்கள். பழைய ஆர்டர்களில்தான் ஆபத்து அதிகம் என்று நான் நினைக்கிறேன். நம் கடைக்காரர் மாற்றத்துக்கு முந்தைய நாள் ஆன்லைனில் 103.95 கட்டிவிட்டார். மறுநாள் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். பணத்தைத் திருப்பித் தரும் நிரல் வரியை மறுபடி கணக்கிடுகிறதா, அல்லது அன்று வாங்கிய வரியைப் பதிவிலிருந்து எடுக்கிறதா? மறுபடி கணக்கிட்டால் புதிய விதிப்படி 103.92 வரும், அவருக்கு மூன்று பைசா நட்டம். அரையை மேலே ஏற்றும் விதியாக இருந்தால் 103.98 வரும். அது கட்டிய தொகையைவிட அதிகம். வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பித் தரச் சொல்லும் கோரிக்கையைப் பணப் பரிமாற்ற நிறுவனங்கள் ஏற்பதில்லை. அது நிராகரிக்கப்படும். பணம் வரவில்லை என்று கடைக்காரர் தொலைபேசியில் கேட்பார், எடுத்துப் பேசுபவருக்கும் காரணம் புரியாது. ஆகவே `line_tax` எங்கிருந்தெல்லாம் அழைக்கப்படுகிறது என்று ரிவ்யூவர் தேடிப் பார்க்க வேண்டும். விற்பனையில் மட்டுமா, திருப்பித் தருவதிலுமா, பழைய பில்லை மறுபடி அச்சிடுவதிலுமா? ஒருமுறை வாங்கிய வரி பதிவில் எண்ணாக இருக்க வேண்டும், பிற்பாடு யாரும் அதைத் திரும்பக் கணக்கிடக் கூடாது.

திருப்பித் தரும் தொகையை எதிர்மறை எண்ணாக எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. பைத்தானின் `ROUND_HALF_UP` பெயருக்குத்தான் மேல்நோக்கி. உண்மையில் அது சுழியத்தை விட்டு விலகிப் போகும், மைனஸ் 82.5 மைனஸ் 83 ஆகும். ஜாவாஸ்கிரிப்டின் `Math.round` அப்படிச் செய்யாது, அதில் 82.5 என்பது 83 ஆகும், மைனஸ் 82.5 மைனஸ் 82 ஆகும். கைபேசிச் செயலி ஒரு மொழியிலும் சர்வர் வேறொரு மொழியிலும் எழுதப்பட்டிருந்தால், திரையில் காட்டிய தொகையும் வங்கியில் வரவான தொகையும் ஒரு பைசா விலகி நிற்கும். இரண்டு இடத்திலும் கணக்குப் போடாமல், சர்வர் சொல்வதை மட்டும் செயலி காட்ட வேண்டும் என்பதே இதற்கு நல்ல தீர்வு.

தள்ளுபடியைப் பிரிக்கும் இடத்தையும் விடக் கூடாது. 100 ரூபாய்க் கூப்பனை மூன்று உருப்படிகளுக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 33.33, கூட்டினால் 99.99. மிஞ்சிய ஒரு பைசாவை ஏதாவது ஒரு உருப்படி ஏற்று 33.34 ஆக வேண்டும். எந்த உருப்படி என்பது முன்கூட்டியே முடிவாகி, எப்போதும் ஒரே விதமாக இருக்க வேண்டும். உருப்படிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாலும் மொத்தமாகத் திருப்பினாலும் ஒரே தொகை வருகிறதா என்று ஒரு சோதனை எழுதச் சொன்னால், இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை அதிலேயே அகப்படும்.

நிரலைப் படிப்பதன் எல்லை இத்துடன் முடிகிறது. அதற்கு மேல், கடந்த ஒரு மாதத்து ஆர்டர்களின் நகலை எடுத்து, பழைய நிரலையும் புதிய நிரலையும் அவற்றின்மேல் ஓட்டி, வித்தியாசங்களைப் பட்டியலிடச் சொல்ல வேண்டும். யாரிடமும் பணம் வாங்குவதில்லை, இது வெறும் கணக்கு. அந்தப் பட்டியல் நிறையச் சொல்லும். வித்தியாசம் அபூர்வமாக வந்து, ஒரு பைசாவுக்கு மேல் போகாமல், சில மேலும் சில கீழுமாக இருந்தால், மாறியது எண் வகை மட்டுமே. ஒரு பைசாவுக்குள் இருந்தும் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் திசை மாறியிருக்கிறது. பில்லில் உருப்படிகள் கூடக் கூட வித்தியாசமும் வளர்ந்தால், ரவுண்ட் ஆஃப் நடக்கும் இடம் மாறியிருக்கிறது. விளக்கத்தில் `Decimal` என்று மட்டும் எழுதியிருக்க, பட்டியலில் முப்பது உருப்படி பில்லுக்கு முப்பது பைசா வித்தியாசம் தெரிந்தால், மேற்கொண்டு விவாதிக்கத் தேவையில்லை. வெளிநாட்டு ஆர்டர்கள் இருந்தால் அவற்றையும் இதே போல் ஓட்ட வேண்டும். ஜப்பானிய யென்னுக்குத் தசம இடம் கிடையாது, குவைத் தினாருக்கு மூன்று இடங்கள். `PAISA` என்று இரண்டு இடங்களை நிலையாக எழுதிய நிரல் இரண்டிலும் தவறும்.

ஆகவே நம் உதாரணத்துப் புல் ரெக்வெஸ்டுக்கு இந்த வடிவத்தில் ஒப்புதல் தரக் கூடாது என்பது என் முடிவு. மூன்று மாற்றங்களையும் மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொல்ல வேண்டும். எண் வகையை மாற்றுவதை முதலில் ஏற்கலாம், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அரை வந்தால் எந்தப் பக்கம் என்பதைக் கட்டளையிலேயே வெளிப்படையாக எழுத வேண்டும், மொழியின் வழக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது. உருப்படிவாரியாகவா மொத்தத்திலா என்பதைக் கணக்காளர் எழுத்தில் தந்த பிறகு, இன்ன தேதி முதல் வரும் ஆர்டர்களுக்கு மட்டும் என்ற வரம்போடு மூன்றாவதை உள்ளே விடலாம். அதற்கு முந்தைய ஆர்டர்களுக்கு அன்று வாங்கிய வரிதான் கடைசி வரை கணக்கு.